பேட்லாக் டைலருக்கு எங்கே விளம்பரம் கொடுப்பது? போர்ட்டலா, கேட் போர்டா, வாட்ஸ்அப் குழுவா?

10-11-2024, இரவு 9.40, சித்தப்பா கம்பெனி

திருப்பூரில் சித்தப்பா நடத்திய பனியன் கம்பெனியை இந்த ஆடியிலிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன். 40 மெஷின். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. இப்போது வேண்டியது பேட்லாக் டைலர் 4 பேர், ஒரு மெர்ச்சண்டைசர், கணக்குக்கு ஒருவர், இரவு வாட்ச்மேன் ஒருவர். எல்லாவற்றையும் ஒரே விளம்பரமாக்கி ஒரு போர்ட்டலில் காசு கட்டிப் போட்டேன். ஆறு நாளில் 73 விண்ணப்பம். அதில் ஒரு டைலர்கூட இல்லை. பெரிய பேக்கேஜ் எடுத்தால் டைலரும் வருவார்கள் என்று போர்ட்டல்காரர் தினமும் போன் செய்கிறார். எடுக்கலாமா? கேட்டில் போர்டு தொங்கவிடுவதெல்லாம் அந்தக் காலம், இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது என்பது என் எண்ணம்.

10-11-2024, இரவு 10.05, சம்பளக்கவர்

எடுக்காதீர்கள். போன் எல்லார் கையிலும்தான் இருக்கிறது. பேட்லாக் டைலர் அதில் வேலை தேடுகிறாரா என்பதுதான் கேள்வி.

10-11-2024, இரவு 11.20, சம்பளக்கவர்

மேலே அவசரமாக எழுதிவிட்டேன், கொஞ்சம் விளக்குகிறேன். அங்கேரிபாளையம் ரோடு பக்கம் 28 மெஷின் ஜாப் ஒர்க் யூனிட் ஒன்றில் ஆபீஸ் பார்க்கிறேன். ஆள் எடுப்பது, சனிக்கிழமை கவர் போடுவது, டீக்கடைக் கணக்கு எல்லாம் என் தலையில்தான்.

நம் ஊரில் டைலர் எப்போது கம்பெனி மாறுவார் என்று பாருங்கள். சம்பளம் சனிக்கிழமை. மாறுகிறவர் கவரை வாங்கிக்கொண்டு எதுவும் சொல்லாமல் போவார். திங்கள் காலை எட்டு மணியிலிருந்து எட்டரை வரை, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ரோட்டில் நடந்தோ வண்டியை உருட்டிக்கொண்டோ கேட் கேட்டாகப் பார்த்து வருவார்கள். எட்டரைக்கு ஷிப்ட் ஆரம்பம். அதற்குள் எங்காவது உட்கார்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சு. இந்த அரை மணி நேரத்தில் உங்கள் விளம்பரம் அவர் கண்ணில் பட வேண்டும். போர்ட்டலில் பேர் பதிந்து, படிப்பு, அனுபவம், "உங்களைப் பற்றி" எல்லாம் நிரப்பி, நீங்கள் புதன்கிழமை கூப்பிடுவீர்கள் என்று காத்திருக்கிற ஆள் அவர் இல்லை.

அதனால் டைலருக்குக் கேட் போர்டுதான். அதுவும் உங்கள் கேட் சந்துக்குள் இருந்தால் சந்து திரும்பும் முனையில் ஒன்று வைக்க வேண்டும்.

11-11-2024, காலை 9.15, ஓஎம்ஆர் வாசி

சென்னையில் எட்டு வருடமாக ரெக்ரூட்டராக இருக்கிறேன். பிரச்சினை உங்கள் ஜாப் டிஸ்கிரிப்ஷனில். கீவேர்டு சரியாகப் போட்டால் ஆள் தானாக வரும். லிங்க்ட்இனில் கம்பெனி பக்கம் திறந்து, வேலை செய்கிறவர்களின் அனுபவங்களை வாரம் இரண்டு முறை பகிருங்கள். பேட்லாக் என்பது பேக்லாக்தானே? அதற்குத் தனியாக நாலு பேர் எதற்கு?

11-11-2024, காலை 9.50, சம்பளக்கவர்

ஓஎம்ஆர் சார், பேட்லாக் என்பது தையல் மெஷின். நீங்கள் போட்டிருக்கிற டி-ஷர்ட்டின் அடிமடிப்பைத் திருப்பிப் பாருங்கள், வலைபோல ஒரு தையல் இருக்கும், அதுதான். ஆனால் நீங்கள் சொன்னது மெர்ச்சண்டைசருக்குப் பொருந்தும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

11-11-2024, பிற்பகல் 1.30, சட்டப்படி

எல்லாரும் ஒரு விஷயத்தை மறந்துவிட்டீர்கள். 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம், காலியிடத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவித்து அவர்கள் அனுப்பும் ஆளைத்தான் எடுக்க வேண்டும். 1959ஆம் ஆண்டுச் சட்டம். கேட் போர்டு வைத்து ஆள் எடுத்தால் சட்ட மீறல்.

11-11-2024, மாலை 6.10, ரிட்டயர்டு பர்சனல்

சட்டப்படி அவர்கள் சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் 22 வருடம் பர்சனல் பார்த்து ஓய்வு பெற்றவன் நான், இந்தப் படிவத்தை எத்தனை முறை அனுப்பியிருப்பேன் என்று எனக்கே கணக்கு இல்லை. அந்தச் சட்டம் காலியிடத்தைத் தெரிவிக்கத்தான் சொல்கிறது. அவர்கள் அனுப்பும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அதையும் அதே சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தெரிவித்துவிட்டு நீங்கள் போர்டும் வைக்கலாம், பேப்பரிலும் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குக் குறைந்த வேலைக்கு அது பொருந்தாது. வாட்ச்மேன், கூட்டிப் பெருக்குகிறவர் வேலைக்கும் பொருந்தாது. மாதச் சம்பளம் 60 ரூபாய்க்குக் கீழ் இருந்தாலும் விலக்கு உண்டு. அந்த 60 இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

தம்பி, உங்களிடம் 40 மெஷின் என்றால் செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் சேர்த்து 25ஐத் தாண்டும். தெரிவித்துவிடுங்கள். அதற்குக் காசு கிடையாது. தமிழ்நாடு அரசின் தனியார் வேலைக்கான தளமும் இருக்கிறது, tnprivatejobs.tn.gov.in, அதிலும் இலவசம். ஆனால் திங்கட்கிழமை டைலருக்கு இதை நம்பி இருக்காதீர்கள்.

11-11-2024, இரவு 8.45, சித்தப்பா கம்பெனி

60 ரூபாயா! சரி, நாளைக்கே ஒரு போர்டு அடிக்கச் சொல்கிறேன். "டைலர்கள் உடனடியாகத் தேவை, நல்ல சம்பளம், அணுகவும்" என்று போட்டால் போதுமா?

12-11-2024, இரவு 9.30, அஞ்சு நூல்

இந்தப் பக்கத்தை ஒரு நண்பர் அனுப்பினார். நான் பேட்லாக் ஓட்டுகிறவன், 11 வருடம். அண்ணா, "நல்ல சம்பளம்" என்று போட்டிருக்கிற கேட்டைப் பார்த்தால் நாங்கள் சிரித்துக்கொண்டே தாண்டிப் போய்விடுவோம். எந்தக் கம்பெனிதான் மோசமான சம்பளம் என்று எழுதும்?

எங்களுக்குத் தெரிய வேண்டியது நாலு விஷயம்தான். எந்த மெஷின். பீஸ் ரேட்டா, ஷிப்டா. என்ன ஸ்டைல் ஓடுகிறது. எத்தனை நாளைக்கு வேலை இருக்கிறது. பீஸ் ரேட் ஆளும் ஷிப்ட் ஆளும் வேறு வேறு. பீஸ்காரருக்கு ஒரே ஸ்டைல் ரொம்ப நாள் ஓட வேண்டும், கை பழகிவிட்டால் வேகம் வரும். நாளுக்கு ஒரு ஸ்டைல் மாற்றினால் அவருக்கு நஷ்டம். ஷிப்ட்காரருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை, அவர் கேட்பது ஒன்றரை ஷிப்ட் தினமும் ஓடுமா என்றுதான். இரண்டையும் எழுதாமல் விட்டால் இரண்டு பேரும் உள்ளே வர மாட்டார்கள்.

இன்னொன்று. போர்டு வருஷம் பூரா தொங்கினால் யாரும் நம்ப மாட்டோம். ஒன்று, அங்கே ஆள் நிற்பதில்லை. இல்லாவிட்டால் வேலையே இல்லை, சும்மா தொங்குகிறது. அங்கேரிபாளையம் ரோட்டில் ஒரு யூனிட்டில் ஆயுத பூஜைக்கு முன்னால் இருந்து ஒரு போர்டு தொங்குகிறது, மழையில் "தேவை" அழிந்து "டைலர்கள்" மட்டும் மிச்சம்.

12-11-2024, இரவு 9.52, சம்பளக்கவர்

அது எங்கள் போர்டுதான்.

13-11-2024, காலை 7.40, சம்பளக்கவர்

காலையில் வந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றிவிட்டேன். பத்தாம் தேதி நான் எழுதியதைத் திருத்த வேண்டும். டைலருக்குக் கேட் போர்டுதான் என்று எழுதியபோது, இடம் சரியாக இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். போன மாதம் எங்கள் போர்டைப் பார்த்து வந்தவர் ஒரே ஒருவர், அவரும் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அப்போதெல்லாம் ஊரில் ஆளே இல்லை என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது கரும்பலகை வாங்கியிருக்கிறேன், சாக்பீஸில் எழுதுகிறோம். சாக்பீஸ் எழுத்து என்றாலே இன்றைக்கு எழுதியது என்று அர்த்தம். எழுதியது இது:

பேட்லாக் 2 பேர் / ஷிப்ட் / ரவுண்டு நெக் டி-ஷர்ட் / மார்கழி முடிய வேலை / ஒன்றரை ஷிப்ட் / திங்கள் காலை 8 மணிக்கு நேரில்

ஆள் கிடைத்ததும் அழித்துவிட வேண்டும் என்று செக்கிங் அக்காவிடம் பொறுப்புக் கொடுத்திருக்கிறேன்.

13-11-2024, இரவு 9.15, அஞ்சு நூல்

அக்கா, உங்களுடையது என்று தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னிச்சுக்கோங்க. ரேட்டும் போட்டுவிடுங்கள்.

13-11-2024, இரவு 9.40, சம்பளக்கவர்

ரேட் போட்டால் பக்கத்து யூனிட்காரர் அடுத்த நாளே பத்து ரூபாய் கூட்டி எழுதுவார் என்று எங்கள் முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். உள்ளே இருக்கிற பழைய டைலர்களும் புதுசாக வருகிறவனுக்கு மட்டும் கூடவா என்று கேட்பார்கள். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

14-11-2024, மாலை 5.00, ரிட்டயர்டு பர்சனல்

ரேட்டை வாசலில் எழுதாவிட்டாலும் வாசலில் நிற்கும் ஆளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். டைலர் செக்யூரிட்டியிடம் கேட்பார், அவர் "உள்ளே போய் மேனேஜரைப் பாருங்க" என்பார், மேனேஜர் ஒன்பதரைக்கு வருவார். அதற்குள் டைலர் அடுத்த கேட்டில் உட்கார்ந்திருப்பார். இந்த ஒரு காரணத்தால் நாங்கள் இழந்த ஆட்கள் ஏராளம். எங்கள் கம்பெனியில் திங்கட்கிழமை மட்டும் லைன் சூப்பர்வைசரை ஏழே முக்காலுக்குக் கேட்டிலேயே நிற்க வைத்தோம். போர்டில் போன் நம்பர் போடுகிறவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். டைலர் வேலை நேரத்தில் போன் செய்ய முடியாது. காலை டீ நேரம், மதியச் சாப்பாடு, இல்லாவிட்டால் ராத்திரி எட்டரைக்கு மேல். ஆபீஸ் நம்பரைப் போட்டுவிட்டு ஆறு மணிக்கு ஆபீஸைப் பூட்டினால் என்ன பயன்?

15-11-2024, பிற்பகல் 3.20, பல்லடம் தறி

எங்கள் விசைத்தறிப் பக்கம் இந்தத் தலைவலியே இல்லை. விளம்பரம் எதற்கு? முன்பணம் கொடுத்தால் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள், கடன் தீரும்வரை போக மாட்டார்கள். டைலருக்கும் அப்படிக் கொடுத்துப் பாருங்கள்.

15-11-2024, மாலை 6.45, ரிட்டயர்டு பர்சனல்

கடனைக் காட்டி ஆளைப் போகவிடாமல் வைப்பதற்குப் பெயர் கொத்தடிமை. 1976இலேயே சட்டம் போட்டு ஒழித்தாயிற்று. இதைப் பொதுவில் எழுதாதீர்கள், செய்யவும் செய்யாதீர்கள்.

15-11-2024, இரவு 7.30, பல்லடம் தறி

நான் யாரையும் கட்டிப்போடவில்லை, ஊர் வழக்கத்தைச் சொன்னேன். போன வருஷம் முன்பணம் வாங்கிக்கொண்டு ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டார். அந்தக் காசை யார் தருவார்கள்?

16-11-2024, இரவு 10.10, சம்பளக்கவர்

மெர்ச்சண்டைசர் பற்றி எழுதுகிறேன் என்றேன். இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, தவறு என்னுடையது.

மெர்ச்சண்டைசருக்குப் போர்ட்டல் வேலை செய்யும். அவர் நாள் முழுக்க மெயில் பார்க்கிறவர், ரெஸ்யூமே வைத்திருப்பார், ஒரு மாதம் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வருவார். ஓஎம்ஆர் சார் சொன்ன கீவேர்டு இங்கேதான் உதவும். "மெர்ச்சண்டைசர் தேவை" என்று மட்டும் போட்டால் கல்லூரி முடித்த பிள்ளைகள் எல்லாரும் அனுப்புவார்கள். உங்கள் 73இல் பெரும்பாதி அவர்களாகத்தான் இருக்கும். நிட்டட் கார்மெண்ட்ஸ், எந்த நாட்டு பையர், காஸ்டிங் அவரே போட வேண்டுமா, சாம்பிள் ஃபாலோ அப் மட்டுமா என்று எழுதினால் பாதிப்பேர் தானாக விலகிவிடுவார்கள்.

திருப்பூர் மெர்ச்சண்டைசர்களுக்கு என்று வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன, போர்ட்டலைவிட வேகம். இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு குழுவில் எங்கள் காலியிடத்தைப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் முதல் பதில் வந்தது. எங்கள் கம்பெனியில் அப்போது இருந்த மெர்ச்சண்டைசரிடமிருந்து. "அக்கா, இது என் சீட்தானே?" என்று கேட்டிருந்தார். அவரை மாற்றப்போகிறோம் என்பதை முதலாளி அவரிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் பையிங் ஆபீஸிலிருந்து போன், உங்கள் ஆள் போகிறாரா, எங்கள் ஆர்டரை யார் பார்ப்பார்கள் என்று. அந்தக் குழுவில் பையிங் ஆபீஸ்காரர்களும் இருந்தார்கள், டையிங்காரர்களும் இருந்தார்கள், எங்களுக்குப் போட்டியான மூன்று யூனிட்டும் இருந்தது. போடுவதற்கு முன் உறுப்பினர் பட்டியலை ஒரு முறை தள்ளிப் பார்த்திருந்தால் போதும்.

புதிதாக ஒரு சீட் உருவாக்கினால் குழுவில் போடுங்கள். இருக்கிறவரை மாற்றுவதாக இருந்தால் குழு வேண்டாம்.

16-11-2024, இரவு 10.45, ஓஎம்ஆர் வாசி

போர்ட்டலில் கம்பெனி பெயரை மறைத்துப் போட வசதி உண்டு. அதைப் பயன்படுத்தியிருக்கலாமே?

17-11-2024, காலை 8.20, சம்பளக்கவர்

பயன்படுத்தினோம், அப்புறம்தான். நல்ல ஆட்கள் குறைவாக அனுப்பினார்கள். பெயர் தெரியாத இடத்துக்கு அனுப்பினால் அது தன் சொந்தக் கம்பெனியாகவே இருந்துவிடுமோ என்று பயப்படுவார்கள், அது நியாயமான பயம். சிறிய ஊரில் இது தீராது.

17-11-2024, காலை 11.00, சித்தப்பா கம்பெனி

நேற்று ராத்திரி ஒரு காரியம் செய்தேன். ஏ4 பேப்பரில் 200 நோட்டீஸ் அடித்து பஸ் ஸ்டாப், ஈபி கம்பம், ரேஷன் கடைச் சுவர் எல்லாவற்றிலும் ஒட்டச் சொன்னேன். காலையிலிருந்து 31 போன். 19 பேர் "ஆள் அனுப்புகிறேன், தலைக்கு எவ்வளவு கமிஷன்?" என்று கேட்கும் ஏஜெண்டுகள். இருவர் எனக்கே கடன் தருவதாகச் சொன்னார்கள். மிச்சம் பேர் டைலர்தான், ஆனால் பாதிப்பேர் வேறு ஊர்.

17-11-2024, காலை 11.25, ரிட்டயர்டு பர்சனல்

கம்பத்தில் ஒட்டியதை எடுத்துவிடுங்கள். பொது இடத்தை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959இலேயே தமிழ்நாட்டில் ஒரு சட்டம் உண்டு. நோட்டீஸில் கம்பெனி பெயரும் நம்பரும் இருப்பதால், யார் ஒட்டினார் என்று தேட வேண்டிய அவசியமே அதிகாரிக்கு இல்லை.

17-11-2024, காலை 11.40, சட்டப்படி

பார்த்தீர்களா, இதிலும் 1959.

17-11-2024, மாலை 4.15, சம்பளக்கவர்

சுவர் நோட்டீஸுக்கு ஒரு இடம் நல்ல பலன் தரும், அனுமதியும் சுலபம். பேட்லாக் மெஷின் ரிப்பேர் பார்க்கிற கடை, நூல், ஊசி விற்கிற கடை. கடைக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே ஒட்டுங்கள். அங்கே வருகிறவர் மெக்கானிக்கோ டைலரோதான். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர் யாராகவும் இருக்கலாம்.

18-11-2024, இரவு 9.00, சித்தப்பா கம்பெனி

இன்று திங்கள். போர்டை முனையில் வைத்தேன், சாக்பீஸில். நானே ஏழே முக்காலுக்கு நின்றேன். ரேட்டையும் எழுதினேன், சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். எட்டரைக்குள் 9 பேர் கேட்டார்கள். 6 பேரை மெஷினில் உட்கார வைத்துப் பார்த்தோம். அடிமடிப்பு நேராகப் போனது நாலு பேருக்கு. அதில் ஒருவர் ஒரு வாரச் சம்பளத்தை முன்னால் கேட்டார், கிளம்பிவிட்டார். மூன்று பேர் உட்கார்ந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் போன ஒருவர் திரும்பவில்லை. ஆக இரண்டு. போர்டின் செலவு 350 ரூபாய். போர்ட்டலுக்குக் கட்டியதை இங்கே எழுத மாட்டேன், சித்தப்பா படிக்கிறார்.

18-11-2024, இரவு 9.20, அஞ்சு நூல்

மதியம் திரும்பாதவர் மெஷின் பிடிக்காமல் போயிருப்பார். வத்தலும் தொத்தலுமான மெஷின் என்றால் பீஸ் ஏறாது. எந்த மெஷின்?

18-11-2024, இரவு 9.31, சித்தப்பா கம்பெனி

சித்தப்பா கல்யாணத்துக்கு வாங்கியது.

20-11-2024, இரவு 8.30, சம்பளக்கவர்

கணக்கு வேலை சுருக்கமாக. உங்கள் ஆடிட்டர் ஆபீஸில் சொல்லி வையுங்கள், வேறு எங்கும் போக வேண்டாம். அங்கே வேலை பழகும் பிள்ளைகளுக்கு டேலியும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் தெரியும். இரண்டு மூன்று வருடத்தில் ஒரு கம்பெனியில் நிரந்தரமாக உட்கார நினைப்பார்கள். உங்கள் கணக்கு எவ்வளவு சிக்கல் என்பதும் ஆடிட்டருக்குத் தெரியும், அதற்கு ஏற்ற ஆளைத்தான் அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரி விளம்பரம் கொடுத்தால் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட, மில் கணக்கு எழுதிப் பழகியவர்கள் வருவார்கள். அதிலும் நல்லவர்கள் உண்டு. எங்கள் கணக்கர் அப்படி வந்தவர்தான், என்ன, கீபோர்டில் ஒற்றை விரல்.

22-11-2024, பிற்பகல் 2.40, சித்தப்பா கம்பெனி

வாட்ச்மேனுக்கு ஏஜென்சியிடம் போகலாமா, எங்கள் சமூகச் சங்க வாட்ஸ்அப் குழுவில் போடலாமா என்று யோசனை. சித்தப்பா குழுதான் என்கிறார், நம்பிக்கையான ஆள் கிடைக்கும் என்று.

22-11-2024, இரவு 9.50, அஞ்சு நூல்

அண்ணா, அந்தக் குழுவில் போடுவது உங்கள் இஷ்டம். ஆனால் கேட்டில் நிற்கிற ஆள் ஒரே சாதி என்றால் உள்ளே நுழைகிறவனுக்கு அது முதல் நாளே தெரிந்துவிடும். நான் அப்படி ஒரு இடத்தில் மூன்று வாரம் இருந்தேன். லீவு கேட்டால்கூட வாட்ச்மேன் முதலாளி வீட்டு ஆள் மாதிரி பதில் சொல்வார்.

22-11-2024, இரவு 10.30, ரிட்டயர்டு பர்சனல்

இதில் எனக்கு இரண்டு மனம். தெரிந்தவர் வழியாக வருகிறவரைப் பற்றி விசாரிக்க நாலு பேர் இருப்பார்கள், பொருள் காணாமல் போனால் கேட்க ஓர் இடம் இருக்கும். ஆனால் அவரை வேலையை விட்டு அனுப்ப நேர்ந்தால் கல்யாண வீட்டில் முகம் பார்க்க முடியாது. ஒருவரை அனுப்பிவிட்டு இரண்டு வருடம் சொந்த ஊர்த் திருவிழாவுக்கே போகாமல் இருந்திருக்கிறேன்.

23-11-2024, காலை 7.15, சம்பளக்கவர்

வாட்ச்மேன் விஷயம் உங்கள் முனை டீக்கடையில் முடியும். காலை ஆறு மணிக்கு அங்கே பேப்பர் படிக்கிற, மில்லிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கட்டாயம் இருப்பார். ராத்திரித் தூக்கம் குறைந்த வயது, வீடும் பக்கம். டீக்கடைக்காரருக்கு அவருடைய குணமும் தெரியும், பாக்கியும் தெரியும்.

25-11-2024, இரவு 10.00, சித்தப்பா கம்பெனி

இன்று திங்கள். இன்னொரு பேட்லாக் வந்தார். நாலாவது ஆளுக்கு வழி தெரியவில்லை. ஒடிசாப் பையன்கள் எங்களிடம் ஆறு பேர் இருக்கிறார்கள், எல்லாரும் ஓவர்லாக். போர்டை இந்தியிலும் எழுதலாமா?

25-11-2024, இரவு 10.40, சம்பளக்கவர்

எழுதலாம், நிறையக் கேட்டில் இருக்கிறது. ஆனால் அவர்கள் போர்டைப் பார்த்து வருவது குறைவு. ஒரே ஊர்க்காரர்கள் ஒரே அறையில் தங்கியிருப்பார்கள், செய்தி அந்த அறையிலிருந்து ஊருக்குப் போனில் போகும். அதனால் நீங்கள் அந்த ஆறு பேரிடம்தான் கேட்க வேண்டும். அவர்கள் முதலில் விசாரிப்பது அறை வாடகை யார் கொடுப்பது, சமையலுக்கு இடம் உண்டா, ஊருக்குப் போக எத்தனை நாள் லீவு என்பதைத்தான். ரேட் அதற்குப் பிறகு.

அந்தப் போன் செய்தியின் வேகத்தை 2023 மார்ச்சில் பார்த்தோம். வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, எங்கள் யூனிட்டில் ஒரே நாளில் ஐந்து பேர் ரயில் ஏறிவிட்டார்கள். எதுவும் நடக்கவில்லை என்று நாங்கள் சொன்னதை அவர்கள் வீட்டில் நம்பவில்லை. ஒரு மாதம் கழித்து மூன்று பேரைத் திரும்ப அழைத்து வந்தது, போகாமல் இங்கேயே இருந்த ஒரு பையன், ஷிப்ட் நடுவில் லைனை அப்படியே வீடியோ காலில் காட்டி.

26-11-2024, காலை 9.05, செக்கிங் கலா

வணக்கம். பேட்லாக் தெரியாது, டேமேஜ் செக்கிங் தெரியும், எட்டு வருஷம். பி.என். ரோடு பக்கம் இருந்தால் சொல்லவும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இருக்க முடியாது, பையன் டியூஷன்.

26-11-2024, காலை 9.30, சம்பளக்கவர்

கலா, நம்பரை இங்கே போட்டுவிடாதீர்கள். பொதுக் குழுவில் பெண்கள் நம்பர் போட்டால் வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் போன் வரும், எங்கள் கைமடிப் பெண் ஒருத்தி சிம்மையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. பதிவுக் கட்டணம் என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். தனிச் செய்தியில் வாருங்கள், எங்களுக்கு ஒருவர் வேண்டும். ஆறு மணி ஒத்துவரும்.

இங்கே மெஷின் பெயர் போட்டுக் கேட்ட விளம்பரத்துக்குக் கீழே வேறு வேலைக்கு ஆள் கிடைத்திருக்கிறது. இதற்கு எந்தக் கணக்கு?

02-12-2024, இரவு 8.50, சித்தப்பா கம்பெனி

நாலாவது பேட்லாக் ஒடிசாப் பையன்கள் வழியாக வந்துவிட்டார், அறை வாடகையில் பாதி நாங்கள். கணக்குக்கு ஆடிட்டர் அனுப்பிய பெண் சேர்ந்துவிட்டார். மெர்ச்சண்டைசர் விளம்பரத்தைத் தனியாக எழுதிப் போட்டேன், 12தான் வந்தது, நாலு பேரை நேரில் பார்க்கலாம் போலிருக்கிறது. அரசுத் தளத்திலும் பதிந்தேன். அதிலிருந்து இரண்டு பேர் பேக்கிங்குக்குக் கேட்டார்கள்.

04-12-2024, மாலை 6.00, ஓஎம்ஆர் வாசி

சம்பந்தமில்லாத கேள்வி. நேற்று என் டி-ஷர்ட்டின் அடிமடிப்பைப் பார்த்தேன். தையல் ஓரிடத்தில் வளைந்து போகிறது. இது டேமேஜா?

04-12-2024, இரவு 9.10, அஞ்சு நூல்

சார், அது திங்கட்கிழமை சேர்ந்தவர் தைத்தது.

20-01-2025, இரவு 9.45, சித்தப்பா கம்பெனி

பொங்கல் முடிந்து இன்றுதான் முதல் திங்கள். பேட்லாக்கில் ஒருவர் திரும்பவில்லை. போர்டில் எழுதச் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு போனேன், வாட்ச்மேன் ஐயா வேண்டாம் என்றார். டீக்கடையில் கிடைத்தவர்தான் அவர், பழைய மில் தொழிலாளி. மார்கழி முழுக்க, வேலை இல்லாத நாளிலும் கேட்டில் வந்து கேட்டவர்களின் பெயர், மெஷின், நம்பர் எல்லாம் பழைய டெலிவரி சலான் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். 17 பேர். யாரும் சொல்லவில்லை, மில் கேட்டில் பழகிய பழக்கமாம். ராத்திரி எட்டே முக்காலுக்கு மூன்று பேருக்கு அவரே போன் செய்தார். ஒருவர் நாளை காலை வருகிறேன் என்றிருக்கிறார்.

20-01-2025, இரவு 10.02, சம்பளக்கவர்

அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். நம்பரை மறைத்துவிட்டு.

20-01-2025, இரவு 10.04, சம்பளக்கவர்

சரி, மறைக்காமலேயே தனியாக அனுப்புங்கள். எங்களுக்கும் ஒரு ஓவர்லாக் வேண்டும்.

20-01-2025, இரவு 10.20, சித்தப்பா கம்பெனி

ஐயாவிடம் கேட்டேன். கொடுக்க மாட்டாராம். தன்னிடம் பேசி நம்பர் கொடுத்தவர்கள் இந்தக் கேட்டுக்குத்தான் கொடுத்தார்கள் என்கிறார்.